எட்டுச் சொற்களும் ஒரு மரமும்: ட்ரை வரைந்து பார்ப்பது எப்படி

ட்ரை என்பது சொற்பட்டியலைக் கணினியில் சேமித்து வைக்கும் ஒரு மர அமைப்பு. பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக முழுமையாக எழுதப்பட்டிருக்கும். ட்ரையில் அப்படி இல்லை. ஒரே மாதிரித் தொடங்கும் சொற்கள் தம் தொடக்கப் பகுதியை ஒரே பாதையாகப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த எழுத்தில் வேறுபடுகின்றனவோ அங்கே கிளை பிரிகின்றன. கைபேசியில் இரண்டு எழுத்துகளைத் தட்டியதும் முழுச் சொற்கள் வரிசையாக வந்து நிற்பதற்கும், சொற்பிழை திருத்திகள் ஒரு சொல் அகராதியில் உண்டா என்று பார்ப்பதற்கும் இந்த அமைப்பு பயன்படுகிறது.

இதன் அடிப்படையை 1959இல் ரெனே டி லா பிரியாண்டே ஒரு கணினி மாநாட்டுக் கட்டுரையில் விளக்கினார். அடுத்த ஆண்டு, 1960இல், எட்வர்ட் ஃபிரெட்கின் தம் கட்டுரையில் இதற்கு ட்ரை என்ற பெயரை வைத்தார். அப்போதிருந்து இன்றுவரை வரையும் முறையில் மாற்றம் எதுவும் இல்லை. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் போதும். யாரும் வரைந்து பார்க்கலாம். தமிழ்ச் சொற்களைக் கொண்டு வரையும்போது, ‘எழுத்து’ என்று எதைக் கணக்கில் கொள்வது என்ற கேள்வி எழுகிறது. மரத்தின் வடிவமும் அது தரும் விடைகளும் அந்த முடிவைப் பொறுத்தே அமைகின்றன.

வரையும் முறை

எடுத்துக்காட்டுக்கு எட்டுச் சொற்கள்: கல், கல்வி, கல்லூரி, கலை, கடல், கடன், பல், பல்லி. இவற்றை நாம் பள்ளியில் எழுத்தெண்ணிப் படித்த முறையிலேயே முதலில் பிரிக்கலாம். கல் என்பது க, ல் என இரண்டு எழுத்து. கல்லூரி என்பது க, ல், லூ, ரி என நான்கு எழுத்து. இப்படி எண்ணினால் எட்டுச் சொற்களிலும் சேர்த்து 22 எழுத்துகள் வரும்.

தாளின் மேற்பகுதியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அது வேர். வேருக்கு எழுத்து கிடையாது. எந்தச் சொல்லும் தொடங்குவதற்கு முந்தைய நிலை அது. முதல் சொல்லான ‘கல்’லை எடுத்து, வேரிலிருந்து ஒரு கோடு இழுத்து அதன் முனையில் ‘க’ என்று எழுத வேண்டும். அங்கிருந்து இன்னொரு கோடு இழுத்து ‘ல்’ என்று எழுத வேண்டும். கோடுகள் சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு கணு. ‘கல்’ என்ற சொல் இரண்டாவது கணுவில் முடிவதால், அந்தக் கணுவுக்கு ஒரு முடிவுக்குறி இட வேண்டும்.

அடுத்தது ‘கல்வி’. மீண்டும் வேரிலிருந்தே தொடங்க வேண்டும். ‘க’ ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வரையாமல் அதன் வழியே இறங்க வேண்டும். ‘ல்’ உம் இருக்கிறது, அதிலும் இறங்கலாம். ‘வி’ இல்லை, அதை மட்டும் புதிதாக வரைந்து முடிவுக்குறி இட்டால் வேலை முடிந்தது. மூன்று எழுத்துச் சொல்லுக்கு ஒரே ஒரு புதுக் கணுதான் தேவைப்பட்டது. ‘கல்லூரி’யும் அதே பாதையில் ‘ல்’ வரை வந்து, ‘லூ’, ‘ரி’ என இரண்டு கணுக்களைச் சேர்க்கிறது.

‘கலை’யில் சற்றுக் கவனம் தேவை. கண்ணுக்கு அது ‘கல்’லை ஒட்டியதுபோலத் தெரிந்தாலும், எழுத்தாகப் பிரித்தால் க, லை என்றே வரும். ‘லை’ என்பது ‘ல்’ அல்ல. ஆகவே அது ‘க’வின் கீழே தனிக் கிளையாகத் தொங்கும். எட்டுச் சொற்களையும் சேர்த்து முடித்தபின் மரம் இப்படி இருக்கும். முடிவுக்குறியை ◎ காட்டுகிறது.

```
●
├─ க
│  ├─ ல் ◎
│  │  ├─ வி ◎
│  │  └─ லூ
│  │     └─ ரி ◎
│  ├─ லை ◎
│  └─ ட
│     ├─ ல் ◎
│     └─ ன் ◎
└─ ப
   └─ ல் ◎
      └─ லி ◎
```

வேரை விட்டுவிட்டு எண்ணினால் 12 கணுக்கள் உள்ளன. பட்டியலில் 22 எழுத்துகளாக இருந்தது மரத்தில் 12 ஆகச் சுருங்கியிருக்கிறது. மிச்சமான பத்து எழுத்துகளும் பகிர்வினால் மிச்சமானவை: ‘க’ என்ற ஒரே கணு ஆறு சொற்களுக்கு உழைக்கிறது, அதன் கீழுள்ள ‘ல்’ மூன்று சொற்களுக்கு உழைக்கிறது. அதே சமயம், பகிர்வு தொடக்கத்தில் மட்டும்தான். ‘கல்’, ‘கடல்’, ‘பல்’ மூன்றும் ‘ல்’லில் முடிந்தாலும் அவை மூன்று தனித்தனி ‘ல்’ கணுக்களாகவே நிற்கின்றன. ஒரு கணுவின் அடையாளம் அதன்மேல் எழுதிய எழுத்து அல்ல, வேரிலிருந்து அதை அடையும் முழுப் பாதை.

சொற்களை எந்த வரிசையில் சேர்த்தாலும் இறுதியில் இதே மரம்தான் கிடைக்கும். ‘பல்லி’யை முதலில் சேர்த்துப் பிறகு ‘பல்’லைச் சேர்த்தால், இரண்டாவது முறை புதுக் கணு எதுவும் வராது, ஏற்கெனவே உள்ள ‘ல்’லுக்கு முடிவுக்குறி மட்டும் சேரும். வரைந்தது சரியா என்று சோதிக்க இது எளிய வழி: பட்டியலைக் கீழிருந்து மேலாக எடுத்து இன்னொரு முறை வரைந்து, இரண்டு படங்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம்.

தேடும்போது நடப்பது

ஒரு சொல் மரத்தில் உண்டா என்று தேடுவதும் சேர்ப்பதைப் போலவே வேரிலிருந்து இறங்குவதுதான். ஆனால் இப்போது எதையும் புதிதாக வரையக் கூடாது. தேடல் மூன்று விதமாக முடியலாம்.

‘கல்வி’யைத் தேடினால் க, ல், வி என மூன்று படி இறங்கி, முடிவுக்குறியுள்ள கணுவில் போய் நிற்கிறோம். சொல் உண்டு. ‘கண்’ என்று தேடினால் ‘க’வில் இறங்கியதும் அதன் கீழே ‘ண்’ இல்லை. அங்கேயே தேடல் முடிந்துவிடுகிறது, சொல் இல்லை. ‘கல்லூ’ என்று தேடினால் மூன்று படியும் இறங்க முடிகிறது, ஆனால் நிற்கும் கணுவில் முடிவுக்குறி இல்லை. அது பட்டியலில் உள்ள சொல் அல்ல. பட்டியலில் உள்ள ஒரு சொல்லின் முன்னொட்டு.

இரண்டாவது முடிவையும் மூன்றாவது முடிவையும் பிரித்து அறிவதில்தான் ட்ரையின் பயன் இருக்கிறது. சொல்விளையாட்டு ஒன்றில் கட்டங்களில் எழுத்துகளைக் கோத்துச் சொல் தேடும் நிரலுக்கு, ‘கண்’ என்ற இடத்தில் பாதை அறுந்துவிட்டால் அதற்கு மேல் எந்த எழுத்தைச் சேர்த்தும் பயனில்லை என்று உடனே தெரிந்துவிடும். ‘கல்லூ’ என்ற இடத்திலோ இன்னும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று தெரியும்.

முடிவுக்குறியை மறந்துவிடுவது புதிதாக வரைபவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. கிளையின் நுனியில்தானே சொல் முடியும் என்று எண்ணி, நுனிகளை மட்டும் சொற்களாகக் கொண்டுவிடுவார்கள். நம் மரத்தில் நுனிகள் ஆறுதான்: கல்வி, கல்லூரி, கலை, கடல், கடன், பல்லி. ‘கல்’லும் ‘பல்’லும் நடுவழியில் முடிகின்றன. குறி இல்லாவிட்டால் அந்த இரண்டு சொற்களும் காணாமல் போகும். மரத்திலுள்ள முடிவுக்குறிகளை எண்ணினால், அந்த எண் பட்டியலில் உள்ள வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். இங்கே எட்டு வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

தேடுவதற்கு ஆகும் படிகள் தேடும் சொல்லின் நீளத்தைப் பொறுத்தவை. மரத்தில் எட்டுச் சொற்கள் இருந்தாலும் ஒரு லட்சம் சொற்கள் இருந்தாலும் ‘கல்லூரி’யைத் தேட நான்கு படிகள்தான். அகர வரிசையில் அடுக்கிய ஒரு லட்சம் சொற்களின் பட்டியலை நடுவில் பிரித்துப் பிரித்துத் தேடினால் 17 ஒப்பீடுகள் வரை ஆகும். ஒவ்வோர் ஒப்பீட்டிலும் சொற்களைப் பல எழுத்துகள் ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஹாஷ் அட்டவணை என்ற இன்னோர் அமைப்பும் வேகமாகத் தேடித் தரும். ஆனால் அது முழுச் சொல்லை ஓர் எண்ணாக மாற்றி வைப்பதால், ‘கல்’ என்று தொடங்கும் சொற்கள் எவை என்று கேட்டால் அதனால் நேரடியாக விடை சொல்ல முடியாது.

ட்ரை அந்தக் கேள்விக்குத் தயாராகவே இருக்கிறது. ‘க’, ‘ல்’ என இரண்டு படி இறங்கி, அந்தக் கணுவையும் அதன் கீழுள்ள எல்லாக் கிளைகளையும் சுற்றிவந்து, முடிவுக்குறி உள்ள இடங்களை எல்லாம் எடுத்துக்கொண்டால் கல், கல்வி, கல்லூரி என்று விடை வந்துவிடும். ‘ப’ பக்கத்து மரத்தைத் தொடவே தேவையில்லை. பெரிய அகராதியில் ஒரே எழுத்தை மட்டும் தட்டினால் அதன் கீழே பல ஆயிரம் சொற்கள் இருக்கும். எல்லாவற்றையும் சுற்றிவர நேரமாகும். எனவே ஒவ்வொரு கணுவிலும், அதன் கீழுள்ள சொற்களில் அதிகம் பயன்படும் சிலவற்றை முன்கூட்டியே குறித்து வைப்பதுண்டு.

எழுத்து என்று எதைக் கொள்வது

விடையாக வந்த மூன்று சொற்களில் ‘கலை’ இல்லை. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அது சரியே. ஆனால் கணினி தமிழைச் சேமிக்கும் முறை வேறு. யூனிகோடு முறையில் ‘லை’ என்பது ஒரே குறி அல்ல. ‘ல’ என்ற குறியும் அதையடுத்து ‘ஐ’காரத்தின் துணைக்குறியும் சேர்ந்தது. அதுபோல ‘ல்’ என்பது ‘ல’வும் புள்ளியும். நிரல் எழுதுபவர் எழுத்துகளைப் பிரிக்கத் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால், பெரும்பாலான கணினி மொழிகள் சொல்லை இந்தக் குறிகளாகவே பிரிக்கும்.

அப்படிப் பிரித்து அதே எட்டுச் சொற்களை வரைந்தால் வேறொரு மரம் வருகிறது. ‘கல்’ மூன்று குறிகளாகவும் ‘கல்லூரி’ ஏழு குறிகளாகவும் நீள்கின்றன. எட்டுச் சொற்களின் மொத்தம் 34 குறிகள். மரத்தில் 20 கணுக்கள். ‘க’வின் கீழே ‘ல’ என்று ஒரு கணு வருகிறது. அதன் கீழே ஒரு பக்கம் புள்ளி, மறுபக்கம் ஐகாரக் குறி. இப்போது ‘கல’ என்ற முன்னொட்டைக் கேட்டால் கல், கல்வி, கல்லூரி, கலை நான்கும் கிடைக்கும். முதல் மரத்திலோ ‘கல’ என்று கேட்டால் ஒன்றுமே கிடைக்காது. ‘க’வின் கீழே ‘ல’ என்ற எழுத்தே அங்கு இல்லை.

தட்டச்சு செய்பவருக்கு இது பெரிய வேறுபாடு. தமிழ்99 விசைப்பலகையில் ‘கலை’ என்று அடிப்பவர் க, ல, ஐ என்ற வரிசையில் விசைகளைத் தட்டுவார். இரண்டாவது விசையில் திரையில் ‘கல’ என்றுதான் இருக்கும். எழுத்து மரத்தை வைத்துப் பரிந்துரை செய்யும் நிரல் அந்த இடத்தில் வெறுமையாக நிற்கும். குறி மரம் ‘கலை’யைக் காட்டிவிடும். ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவருக்கோ இடையில் தெரிவது ‘கல்’; அதன் பிறகுதான் அது ‘கலை’யாக மாறும். குறி மரத்தில் புள்ளியும் ஐகாரக் குறியும் தனிக் கிளைகள் என்பதால், அவர் ‘கல்’லில் நிற்கும்போது ‘கலை’ பரிந்துரையில் வராது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அது தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. உயிர்மெய் எழுத்தை மெய்யும் உயிருமாகப் பிரிப்பது. ‘கல்’ என்பது க், அ, ல். ‘கலை’ என்பது க், அ, ல், ஐ. இப்போது ‘கல்’ முழுமையாகவே ‘கலை’யின் முன்னொட்டு ஆகிவிடுகிறது. எட்டுச் சொற்களும் இம்முறையில் 37 ஒலிகள். மரத்தில் 19 கணுக்கள். கல், கல்வி, கல்லூரி, கலை நான்கும் ஒரே ‘ல்’ கணுவின் கீழே வந்து சேர்கின்றன.

வேற்றுமை உருபு ஏறிய சொற்களில் இதன் பயன் இன்னும் தெளிவு. கடல், கடலை, கடலில், கடலால் என்பவற்றை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் ‘கட’ வரைதான் பகிர்வு. அதற்கு மேல் ல், லை, லி, லா என நான்கு கிளைகள் பிரிந்துவிடும். கடல் என்ற பகுதி எந்தக் கணுவிலும் பொதுவாக நிற்காது. மெய்யும் உயிருமாகப் பிரித்தால் க், அ, ட், அ, ல் என்ற பாதை நான்குக்கும் பொது. அந்தக் கணுவில் முடிவுக்குறி. அதன் கீழே ஐ, இல், ஆல் என்று உருபுகள் கிளைகளாக நிற்கும். பகுதி எது, உருபு எது என்பது மரத்திலேயே தெரிகிறது. ‘கல்’ உருபு ஏற்று ‘கல்லை’ ஆகும்போது ல் இரட்டிப்பதால், அங்கே உருபுக்கு முன்னால் இன்னொரு ‘ல்’ கணு வரும். ஆனாலும் பகுதியின் பாதை உடையாது.

ஆக, மூன்று மரங்களும் சரியானவையே. குறுக்கெழுத்துக் கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதால் அதற்கு எழுத்து மரம் பொருந்தும். தமிழ்99 விசைகளின் வரிசையோடு குறி மரம் ஒத்துப்போகும். ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவருக்கும், சொல்லின் பகுதியைத் தேடும் வேலைக்கும் மெய்யும் உயிருமாகப் பிரித்த மரம் ஏற்றது. எதைத் தேர்ந்தாலும் சேர்க்கும்போதும் தேடும்போதும் அதே முறையில் பிரிக்க வேண்டும். ஒன்றில் எழுத்தாகவும் மற்றொன்றில் குறியாகவும் பிரித்தால், மரத்தில் உள்ள சொல்லே இல்லை என்று விடை வரும்.

கண்ணுக்குத் தெரியாத இரட்டை

யூனிகோடில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொடி’ என்ற சொல்லில் வரும் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரத்துக்கு உரிய ஒற்றைக் குறியைப் (`U+0BCA`) பயன்படுத்தலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் (`U+0BC6`, `U+0BBE`) அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் குறி மரத்தில் இரண்டும் ‘க’வை அடுத்து வெவ்வேறு கிளைகளில் போய்விடும். ஒரு விதமாகச் சேர்த்த சொல்லை இன்னொரு விதமாக அடித்துத் தேடினால் கிடைக்காது. ஓகார, ஔகாரக் குறிகளிலும் இதே நிலைதான்.

கண் முன்னே இருக்கும் சொல் தேடலில் வரவில்லை என்றாலோ, ஒரே சொல் பரிந்துரையில் இரண்டு முறை வந்தாலோ இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். சேர்க்கும் முன்பும் தேடும் முன்பும் எல்லாச் சொற்களையும் யூனிகோடின் `NFC` என்ற சீர் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் இரண்டு வடிவங்களும் ஒன்றாகிவிடும்.

இடத்தைச் சுருக்குவதும் சொல்லை நீக்குவதும்

ட்ரை எழுத்துகளை மிச்சப்படுத்தினாலும் நினைவகத்தை எப்போதும் மிச்சப்படுத்துவதில்லை. ஒவ்வொரு கணுவிலும் தமிழின் 247 எழுத்துகளுக்கும் ஒவ்வோர் இடம் ஒதுக்கினால், வேரையும் சேர்த்து 13 கணுக்கள் கொண்ட நம் சிறிய மரத்துக்கே 3,211 இடங்கள் வேண்டும். அவற்றில் நிரம்பியிருப்பவை 12 மட்டுமே. அதனால் உண்மையில் உள்ள கிளைகளை மட்டும் பட்டியலாக வைத்துக்கொள்வது நடைமுறை. கிளைகளைத் தேட ஒரு சிறு வேலை கூடும். இடம் பெருமளவு மிச்சமாகும்.

கிளை பிரியாமல் நீளும் பாதைகளையும் சுருக்கலாம். ‘லூ’வின் கீழே ‘ரி’ மட்டும்தான் உண்டு. ‘லூ’வில் எந்தச் சொல்லும் முடியவும் இல்லை. ஆகவே இரண்டையும் ‘லூரி’ என்ற ஒரே கணுவாக்கலாம். வேரின் கீழுள்ள ‘ப’வையும் அதன் ‘ல்’லையும் ‘பல்’ என்று ஒன்றாக்கலாம். ஆனால் ‘பல்’லையும் ‘லி’யையும் சேர்க்கக் கூடாது, ‘பல்’லில் ஒரு சொல் முடிகிறது. இப்படி 12 கணுக்கள் 10 ஆகும். டொனால்ட் மாரிசன் 1968இல் வெளியிட்ட பாட்ரிசியா என்ற முறை இந்தச் சுருக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. சொற்கள் நீளமாகவும் கிளைகள் அரிதாகவும் உள்ள பட்டியலில் இதனால் பலன் அதிகம்.

சொல்லை நீக்குவது சேர்ப்பதற்கு நேரெதிர் வழி. ‘கல்’லை நீக்க வேண்டுமானால் அதன் முடிவுக்குறியை அழித்தால் போதும், கணுவை அழித்தால் ‘கல்வி’யும் ‘கல்லூரி’யும் சேர்ந்தே போய்விடும். முழு மரத்திலிருந்து ‘கல்லூரி’யை நீக்கும்போது ‘ரி’யின் குறியை அழித்துவிட்டு, கீழிருந்து மேலே ஏறிவர வேண்டும். ‘ரி’க்குக் கிளையும் இல்லை, குறியும் இல்லை, அதை எடுத்துவிடலாம். இப்போது ‘லூ’வும் அதே நிலைக்கு வருகிறது, அதையும் எடுத்துவிடலாம். அதற்கு மேலுள்ள ‘ல்’லில் முடிவுக்குறியும் ‘வி’ என்ற கிளையும் இருப்பதால் அங்கே நிறுத்த வேண்டும். மரத்தில் பத்துக் கணுக்களும் ஏழு முடிவுக்குறிகளும் மிஞ்சும். எஞ்சிய ஏழு சொற்களை மட்டும் வைத்துப் புதிதாக வரைந்தாலும் இதே மரம்தான் கிடைக்கும். நீக்கியது சரியாக நடந்ததா என்று அறிய அதுவே சோதனை.